ஃபேஜ் நுழையும் கதவு

பெட்ரி தட்டில் அகார் ஊற்றி, அதன் மேல் ஈ.கோலை பாக்டீரியாவைப் பரப்பி, இரவு முழுக்க 37 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டால் காலையில் தட்டு முழுவதும் மங்கலான பால் நிறத்தில் ஒரு படலம் மூடியிருக்கும். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தோளோடு தோள் ஒட்டி வளர்ந்த படலம் அது. பரப்பும்போது அதனுடன் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜையும் கொஞ்சம் கலந்திருந்தால் அந்தப் படலத்தில் ஓட்டைகள் விழுந்திருக்கும். குண்டூசித் தலை அளவில் வட்டமாக, அடியில் இருக்கும் அகார் தெரிகிற அளவுக்குத் தெளிந்த ஓட்டைகள். ஆய்வகத்தில் இதற்குப் பெயர் பிளாக். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தில் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுவோம்.

அப்படி எண்ணுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஓட்டை என்பது ஒரே ஒரு ஃபேஜில் தொடங்கியது. அது ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைந்து, பெருகி, அதை உடைத்து வெளியே வந்தது. வந்தவை பக்கத்தில் இருந்தவற்றை உடைத்தன. இப்படி வட்டம் விரிந்துகொண்டே போய் நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே ஃபேஜ் திரவத்தைப் பத்து லட்சம் மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் விட்டு 80 ஓட்டைகள் வந்தால், மூலத் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 80 கோடி ஃபேஜ் இருக்கிறது என்று பொருள். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஜை மருந்தாக்குவது பற்றிய பேச்சில் பிறகு இதுதான் பெரிய இடத்தைப் பிடிக்கப் போகிறது.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைத்தான் பாக்டீரியோஃபேஜ் என்கிறோம். சுருக்கமாக ஃபேஜ். 1915இல் லண்டனில் ஃபிரெட்ரிக் ட்வார்ட்டும், 1917இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெலும் தனித்தனியே இதைக் கவனித்து எழுதினார்கள். டெரெல் உடனே இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்போது பென்சிலின் கண்டுபிடிக்கப்படவே இல்லை. பிறகு ஆன்டிபயாட்டிக்குகள் வந்தன, பெரும்பாலான நாடுகள் ஃபேஜை மறந்தன. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் போன்ற சில இடங்களில் மட்டும் அந்த மரபு அறுபடாமல் நீடித்தது. இப்போது ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத கிருமிகள் பெருகியதால் எல்லோரும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வரலாறு இவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஃபேஜ் எந்த வழியாக பாக்டீரியாவுக்குள் போகிறது என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே, இது ஏன் வேலை செய்கிறது, ஏன் சில நேரம் தோற்கிறது என்ற இரண்டும் விளங்கிவிடும்.

மிக நன்றாக ஆராயப்பட்ட ஃபேஜ்களில் ஒன்று T4. அதன் இரை ஈ.கோலை. ஈ.கோலையின் நீளம் இரண்டு மைக்ரோமீட்டர் அளவு என்றால் T4 அதில் பத்தில் ஒரு பங்குதான். மேலே பல பட்டைகள் கொண்ட தலை. அதற்குள் டிஎன்ஏ. தலைக்குக் கீழே குழாய் போன்ற வால். வாலின் அடியில் ஒரு தட்டு, அந்தத் தட்டிலிருந்து ஆறு நீண்ட கால்கள். நிலவில் இறங்கும் கலம் போலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்கு இயந்திரமும் இல்லை, நீந்தவும் தெரியாது. திரவத்தில் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுகிற போக்கில் அலைந்துகொண்டிருக்கும். ஒரு பாக்டீரியாவின் மேல் மோதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மோதினாலும் போதாது, பிடி கிடைக்க வேண்டும். ஈ.கோலையின் வெளிச்சவ்வில் OmpC என்ற புரதம் இருக்கிறது. சிறிய ஊட்டப்பொருள்கள் உள்ளே வருவதற்காக பாக்டீரியா வைத்திருக்கும் துவாரம் அது. அதோடு சவ்வின் மேற்பரப்பில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு போர்வையும் உண்டு. T4இன் நீண்ட கால்களின் நுனி இவற்றின் வடிவத்தோடு பொருந்தும்படி அமைந்திருக்கிறது. இப்படிப் பொருந்தும் இடத்தை ஏற்பி என்பார்கள். நான் கதவு என்றே சொல்லப் போகிறேன். ஏனென்றால் பாக்டீரியா தன் சொந்தத் தேவைக்காக வைத்திருக்கும் ஒன்றைத்தான் ஃபேஜ் வழியாக்கிக்கொள்கிறது. ஃபேஜுக்கென்று யாரும் கதவு வைப்பதில்லை.

முதலில் ஒரு கால் ஒட்டும். அந்தப் பிடி தளர்வானது, எடுத்துவிடலாம். ஃபேஜ் கொஞ்சம் தள்ளாடி, இன்னும் சில கால்களும் பிடித்துக்கொண்ட பிறகு அடித்தட்டின் கீழே மடங்கியிருந்த குட்டைக் கால்கள் இறங்கி மேற்பரப்பை இறுக்கிக்கொள்ளும். இனி திரும்பிப் போக முடியாது. அடித்தட்டு தன் வடிவத்தை மாற்றி அகலமாக விரிகிறது. அந்த அசைவு வாலைச் சுற்றியிருக்கும் உறையைத் தட்டிவிடுகிறது. உறை பாதி நீளத்துக்கும் கீழாகச் சுருங்க, நடுவில் இருக்கும் கடினமான குழாய் கீழ்நோக்கி இறங்கி வெளிச்சவ்வைத் துளைக்கிறது. குழாயின் முனையில் பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் ஒரு நொதி இருக்கிறது, அது வழியைத் திறந்துவிடுகிறது. தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ நீட்டிப்போட்டால் 57 மைக்ரோமீட்டர் வரும். பாக்டீரியாவின் நீளத்தைவிட 25 மடங்குக்கு மேல். அதை அந்தச் சிறு தலைக்குள் அழுத்திச் சுருட்டி வைத்திருப்பதால் வழி திறந்ததும் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே உள்ளே பாய்ந்துவிடும். காலித் தலையும் வாலும் வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உள்ளே போனதும் பாக்டீரியாவின் டிஎன்ஏ வெட்டித் துண்டாக்கப்படுகிறது. T4 தன் டிஎன்ஏவில் ஒரு எழுத்தை வேதியியல் முறையில் மாற்றி வைத்திருப்பதால் அந்தக் கத்தரிகள் அதைத் தொடுவதில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் செல்லை உடைத்துப் பார்த்தால் ஒரு முழு ஃபேஜ்கூடக் கிடைக்காது. பாகங்கள் தனித்தனியே உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. பிறகு தலைகள் ஒரு பக்கம், வால்கள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம் என்று தயாராகி ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கடைசியில் இரண்டு புரதங்கள் வேலையை முடிக்கின்றன. ஒன்று உட்சவ்வில் சேர்ந்துகொண்டே வந்து, குறித்த நேரத்தில் சட்டென்று துளைகளைத் திறக்கிறது. மற்றொன்று அந்தத் துளை வழியாகப் போய்ச் சுவரைக் கரைக்கிறது. உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. நுழைந்ததிலிருந்து 25, 30 நிமிடம். வெளியே வருவது 100 முதல் 200 புதிய ஃபேஜ்கள். அதே நேரத்தில் தாக்கப்படாத ஒரு ஈ.கோலை ஒன்று இரண்டாகத்தான் ஆகியிருக்கும்.

எல்லா ஃபேஜ்களும் இப்படி உடனே கொல்வதில்லை. லாம்டா போன்ற சில, உள்ளே போன பிறகு தங்கள் டிஎன்ஏவை பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு சேர்த்துவிட்டு அமைதியாக இருந்துவிடும். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் இதுவும் பிரதியாகும். மருத்துவத்துக்கு இவை ஆகாது. கொல்லாமல் விட்டுவிடுவது மட்டும் காரணம் அல்ல. இப்படித் தங்கும் ஃபேஜ் ஒன்றுதான் காலரா கிருமிக்கு அதன் நச்சு மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996இல் தெரியவந்தது. டிஃப்தீரியா நச்சும் அப்படி வந்ததே. மருந்தென்று நினைத்துக் கொடுப்பது கிருமிக்கு ஆயுதம் கொடுப்பதாக முடியக்கூடாது. அதனால் சிகிச்சைக்கு எடுக்கும் ஃபேஜின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, அதில் தங்குவதற்கான மரபணுவோ நச்சு மரபணுவோ இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த வேலை.

இப்போது ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் பல இன பாக்டீரியாக்களுக்கும் பொதுவான ஒன்றைத் தாக்குகிறது. சுவர் கட்டும் நொதியை, புரதம் செய்யும் ரைபோசோமை. அதனால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து சாகின்றன. ஃபேஜுக்கு அந்தக் கதவு இருந்தால்தான் வேலை. கதவு இல்லாத பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது. மனிதச் செல்லில் அந்தக் கதவு இல்லவே இல்லை. இது பெரிய நன்மை. இதே தன்மைதான் பெரிய தொல்லையும். ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு நோயாளியிடம் எடுத்த கிருமியின் மேற்பரப்பு இன்னொருவரிடம் எடுத்ததிலிருந்து மாறுபட்டிருக்கும். ஆகவே மாத்திரை எழுதிக் கொடுப்பது போல ஃபேஜை எழுதிக் கொடுக்க முடியாது. அந்த நோயாளியின் கிருமியை வளர்த்து, கையிலிருக்கும் ஃபேஜ்களில் எது அதைத் துளைக்கிறது என்று தட்டில் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்ப்பதிலும் ஏமாற இடமுண்டு. கிருமிப் படலத்தின் மேல் ஃபேஜ் திரவத்தை ஒரு சொட்டு வைத்து, மறுநாள் அந்த இடம் தெளிந்திருந்தால் "வேலை செய்கிறது" என்று எழுதிவிடத் தோன்றும். நானும் ஆரம்பத்தில் அப்படி எழுதியவன்தான். சொட்டில் ஃபேஜ் மிக அடர்த்தியாக இருந்தால், ஒரே பாக்டீரியாவின் மேல் நூற்றுக்கணக்கானவை ஒட்டித் துளைபோட, அதிலேயே அது ஒழுகிச் செத்துவிடும். உள்ளே ஒரு ஃபேஜ்கூடப் பெருகியிருக்காது. திரவத்தில் கலந்திருக்கும் வேறு பொருள்களும் படலத்தைக் கரைக்கலாம். அதனால் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போய் வரிசையாகச் சொட்டு வைக்க வேண்டும். உண்மையில் பெருகும் ஃபேஜ் என்றால் நீர்க்க நீர்க்க, தெளிந்த சொட்டு தனித்தனி ஓட்டைகளாகப் பிரியும். பெருகாதது என்றால் சொட்டு முழுசாக மங்கி மறைந்துவிடும், தனி ஓட்டை வரவே வராது. உடலுக்குள் பெருகும் என்ற நம்பிக்கையில்தானே ஃபேஜைக் கொடுக்கிறோம். இந்த வித்தியாசத்தைத் தட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

சரி, கதவைப் பிடித்துத்தான் நுழைகிறது என்றால் பாக்டீரியா கதவை எடுத்துவிட்டால்? எடுத்துவிடும். அதுவும் மிக எளிதாக. 1943இல் சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த புகழ்பெற்ற சோதனை இதைத்தான் அளந்தது. ஈ.கோலையைப் பல குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, பிறகு ஒவ்வொரு குழாயிலிருந்தும் எடுத்து T1 என்ற ஃபேஜ் நிறைந்த தட்டில் பரப்பினார்கள். தப்பிப் பிழைத்தவை மட்டும் அங்கே வளரும். 20 குழாய்களில் செய்த ஒரு முறை, 11 குழாய்களில் பிழைத்தது ஒன்றுகூட இல்லை. ஒன்றில் 35, ஒன்றில் 64, ஒன்றில் 107. மற்றவற்றில் ஒன்றிரண்டு முதல் ஆறு வரை. ஃபேஜைச் சந்தித்த பிறகுதான் பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்திருக்க வேண்டும். இவ்வளவு ஏற்றத்தாழ்வு வருவதற்கு ஒரே காரணம், ஃபேஜ் வருவதற்கு முன்பே தற்செயலான மரபணு மாற்றத்தால் சில பாக்டீரியாக்கள் தப்பும் தன்மையோடு இருந்தன என்பதுதான். சில குழாய்களில் அந்த மாற்றம் சீக்கிரமே நடந்துவிட்டதால் அதன் வழித்தோன்றல்கள் நிறைய இருந்தன. அவர்கள் போட்ட கணக்கின்படி சில கோடி முறை பிரிந்தால் ஒரு முறை இப்படி மாறுகிறது.

சில கோடிக்கு ஒன்று என்பது கேட்க அரிதாக இருக்கும். ஆனால் சீழ் பிடித்த ஒரு புண்ணில் கிருமிகள் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும். அதாவது ஃபேஜைக் கொடுக்கும் முன்பே தப்பிக்கப் போகிறவை அங்கே உட்கார்ந்திருக்கின்றன. தட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். தெளிந்த ஓட்டையை இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் அதன் நடுவில் சின்னச் சின்னக் கூட்டங்களாக பாக்டீரியா முளைத்து வரும்.

இந்த இடத்தில் பலரும் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். ஆன்டிபயாட்டிக்குக்கும் எதிர்ப்பு, ஃபேஜுக்கும் எதிர்ப்பு என்றால் என்ன பயன் என்று. ஆனால் அந்தக் கதவு எதற்காக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். T1 நுழையும் கதவு FhuA என்ற புரதம். பாக்டீரியா இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று அது. கதவை எடுத்துவிட்ட பாக்டீரியா T1இடமிருந்து தப்பிவிடும், ஆனால் இரும்பு கிடைக்கும் ஒரு வழியை இழந்துவிடும். தப்பிப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. எந்தக் கதவைப் பிடிக்கும் ஃபேஜைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்த விலை என்னவாக இருக்க வேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியுமா? ஃபேஜ் ஆராய்ச்சியில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த வேலைகளில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் சானும் பால் டர்னரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமியைத் தாக்கும் ஃபேஜ்களைத் தேடினார்கள். தீக்காயம், நுரையீரல், உடலுக்குள் பொருத்திய செயற்கைப் பாகங்கள் என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும் கிருமி இது. ஆன்டிபயாட்டிக்கை இது சமாளிக்கும் வழிகளில் முக்கியமானது ஒரு பம்பு. உள்ளே வரும் மருந்தைப் பிடித்து இரண்டு சவ்வுகளையும் தாண்டி வெளியே துப்பிவிடும். ஒரே பம்பு பல வகை மருந்துகளைத் துப்பும். அந்தப் பம்பின் வெளிமுனை OprM என்ற புரதக் குழாய். அது வெளிச்சவ்வில் பதிந்து, வாய் வெளியே தெரியும்படி இருக்கிறது. அந்த வாயைக் கதவாகப் பயன்படுத்தும் ஃபேஜ் ஒன்று கிடைத்தால்?

கனெக்டிகட் மாநிலத்தில் டாட்ஜ் பாண்ட் என்ற குளத்தின் நீரில் அது கிடைத்தது. OMKO1 என்று பெயரிட்டு, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பம்பின் அந்தப் பகுதிக்கான மரபணுவை நீக்கிய கிருமியில் இந்த ஃபேஜால் சரியாக வளர முடியவில்லை. இந்த ஃபேஜிடமிருந்து தப்பிய கிருமிகளை எடுத்து ஆன்டிபயாட்டிக்கோடு வைத்துப் பார்த்தபோது, முன்பு பொருட்படுத்தாத சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளுக்கு அவை மறுபடி மசியத் தொடங்கியிருந்தன. கிருமிக்கு இரண்டு வழிதான். பம்பை வைத்துக்கொண்டால் ஃபேஜ் உள்ளே வரும். பம்பைக் கெடுத்துக்கொண்டால் மருந்து உள்ளேயே தங்கும்.

அதே 2016 ஜனவரியில் இது ஒரு மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்கு வயது 76. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் வீக்கம் வந்ததால் 2012இல் அந்தப் பகுதியில் டாக்ரான் துணியால் ஆன செயற்கைக் குழாய் வைக்கப்பட்டிருந்தது. பிறகு அந்தக் குழாயில் சூடோமோனாஸ் குடியேறிவிட்டது. செயற்கைப் பரப்பில் குடியேறும் பாக்டீரியா பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் கூட்டமாக ஒளிந்துகொள்ளும். பயோஃபிலிம் என்பார்கள். மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. செஃப்டாசிடிம் தொடர்ந்து கொடுத்தும் கிருமி அடங்கியதே தவிர ஒழியவில்லை. மார்பிலிருந்து தோல் வரை ஒரு பாதை உண்டாகிச் சீழ் கசிந்துகொண்டே இருந்தது. குழாயை அறுவை செய்து மாற்றுவது உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

முதலில் ஆய்வகத்தில் டாக்ரான் துண்டுகளில் அவருடைய கிருமியையே வளர்த்துப் பார்த்தார்கள். செஃப்டாசிடிமும் OMKO1உம் சேர்ந்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக பயோஃபிலிமைக் குறைத்தன. அவசரகால ஒப்புதல் வாங்கி, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி ஃபேஜ் உள்ள திரவம் 10 மில்லிலிட்டர், அதோடு செஃப்டாசிடிமும் சேர்த்து, அந்தச் சீழ்ப் பாதை வழியாகச் செலுத்தினார்கள். ஒரே ஒரு முறை. சுமார் நான்கு வாரம் கழித்து, நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு எலும்பு முனை குழாயைக் குத்தியதில் ரத்தம் கசிந்து, அவசர அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. குழாயின் ஒரு பகுதியை மாற்றினார்கள். அப்போது எடுத்த மாதிரிகளில் சூடோமோனாஸ் வளரவில்லை, ஒரு பூஞ்சை மட்டுமே வந்தது. செஃப்டாசிடிமை நிறுத்திவிட்டார்கள். அறிக்கை எழுதும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், அந்தக் கிருமி திரும்பவில்லை.

ஒரே நோயாளி. இடையில் அறுவை சிகிச்சையும் நடந்தது. ஃபேஜ்தான் குணமாக்கியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்தது ஃபேஜ் கொடுத்த பிறகு, குழாயை வெட்டிய நேரத்தில் என்பதால் ஃபேஜின் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தப்பும் பாக்டீரியா ஒவ்வொன்றும் நாம் எதிர்பார்த்த கதவைத்தான் கழற்றும் என்பதில்லை. உள்ளே வந்த ஃபேஜ் டிஎன்ஏவை வெட்டும் அமைப்புகளும் பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன. மேற்பரப்பில் வேறு ஏதாவது மாறியும் ஃபேஜின் பிடி வழுக்கலாம். அப்போது பம்பு பத்திரமாக இருக்கும், நாம் கேட்ட விலை வசூலாகாது. அதனால் இந்த ஃபேஜுக்கு இந்தப் பேரம் என்று ஒரு முறை தாளில் எழுதிவிட்டால் போதாது. ஒவ்வொரு நோயாளியின் கிருமியிலும் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் இவ்வளவு தேர்ந்தெடுத்த ஃபேஜும் போதிய எண்ணிக்கையில் போய்ச் சேராவிட்டால் வீண். இதைக் கற்றுத் தந்தது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 2015 முதல் 2017 வரை நடந்த ஃபேஜோபர்ன் என்ற பரிசோதனை. தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்றிய 27 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 12 ஃபேஜ்கள் கலந்த திரவம், மற்றவர்களுக்கு வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு. கிருமி குறிப்பிட்ட அளவு குறைய, களிம்புக்கு இடைநிலையாக 47 மணி நேரம் ஆனது. ஃபேஜுக்கு 144 மணி நேரம். பலன் போதவில்லை என்று பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

காரணம் தேடியபோது எண்ணிக்கையில் போய் நின்றது. ஒரு மில்லிலிட்டருக்கு பத்து லட்சம் ஃபேஜ் கொடுப்பது திட்டம். ஆனால் 12 ஃபேஜ்களையும் கலந்து வைத்த திரவத்தில் அவை நிலைத்து நிற்கவில்லை. நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 10 முதல் 100 வரைதான்.

இது ஏன் இவ்வளவு மோசம் என்று பார்க்க ஒரு எளிய கணக்கு போதும். ஃபேஜ் நீந்தாது, தற்செயலாகத்தான் மோதும் என்று சொன்னேன் அல்லவா. ஒரு பாக்டீரியா தன்மேல் ஒரு ஃபேஜ் ஒட்டும் வரை சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது சுற்றியிருக்கும் ஃபேஜின் அடர்த்தியைப் பொறுத்தது. ஒட்டும் வேகத்தின் மாறிலி ஃபேஜுக்கு ஃபேஜ் மாறும். நிமிடத்துக்கு 10⁻⁹ மில்லிலிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

```
காத்திருக்கும் நேரம் (நிமிடம்) = 1 / (10⁻⁹ × ஒரு மி.லி.யில் ஃபேஜ்)
```

மில்லிலிட்டருக்கு 10 கோடி ஃபேஜ் இருந்தால் 10 நிமிடம். பத்து லட்சம் என்றால் 1,000 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம். நூறு என்றால் ஒரு கோடி நிமிடம். அது 19 ஆண்டு. மாறிலியைப் பத்து மடங்கு கூட்டிப் போட்டாலும் இரண்டு ஆண்டு வரும்.

ஃபேஜ்தான் பெருகுமே, கொஞ்சம் கொடுத்தாலும் தானே பெருகிக்கொள்ளாதா என்று கேட்கலாம். பெருகும், பாக்டீரியா நெருக்கமாக இருந்தால். அகார் தட்டில் ஒரே ஃபேஜ் ஓட்டை போடுவது அங்கே அடுத்த பாக்டீரியா ஒட்டியே நிற்பதால்தான். உடலில் அப்படி இல்லை. கல்லீரலும் மண்ணீரலும் ரத்தத்தில் வரும் ஃபேஜை வடிகட்டிக்கொண்டே இருக்கும். சில நாளில் அதற்கு எதிரான எதிர்ப்புரதங்களும் உருவாகலாம். பாக்டீரியா ஓரளவுக்குக் கீழே அருகிவிட்டால், வெடித்து வெளிவந்த ஃபேஜ்கள் அடுத்த இரையைச் சந்திக்கும் முன்பே அழிந்துவிடும். தானே பெருகும் மருந்து என்ற பேச்சு உண்மைதான், ஆனால் அதை நம்பி அளவில் கஞ்சத்தனம் செய்ய முடியாது. அதிக அளவு கொடுக்கலாம் என்றால் அங்கே வேறு கவலை. ஃபேஜை வளர்ப்பதே பாக்டீரியாவை வெடிக்கவைத்துத்தான். வெடித்த பாக்டீரியாவின் வெளிச்சவ்வுத் துணுக்குகள் அந்தத் திரவத்தில் கலந்திருக்கும். ரத்தத்தில் போனால் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வரும். ஆகவே அதைச் சுத்திகரித்து அளந்த பிறகே நரம்பில் ஏற்ற முடியும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஃபேஜை ஆன்டிபயாட்டிக்கின் இடத்தில் அப்படியே உட்காரவைக்கப் போகும் மாற்று என்று சொல்வதைவிட, ஆன்டிபயாட்டிக்கை மறுபடி வேலை செய்யவைக்கும் துணை என்று சொல்வதே சரி என்பது என் எண்ணம். OMKO1 போன்றவை அந்த வகையில் தெளிவான உதாரணம். மருந்தை நிறுத்திவிட்டு ஃபேஜை மட்டும் கொடுத்திருந்தால், பம்பை இழந்து தப்பிய கிருமியைக் கொல்ல அங்கே எதுவும் இருந்திருக்காது.

அதனால் சிகிச்சை தொடங்கிய பிறகும் ஆய்வகத்தின் வேலை முடிவதில்லை. கொடுக்கும் நாளில் புட்டியிலிருந்தே ஒரு துளி எடுத்து, நீர்க்கச் செய்து, ஓட்டைகளை எண்ணி அடர்த்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாளுக்கு ஒரு முறை நோயாளியிடமிருந்து கிருமியை மறுபடி வளர்க்க வேண்டும். அதன் மேல் அதே ஃபேஜ் ஓட்டை போடவில்லை என்றால், அந்தத் தப்பிய கூட்டத்தைக் கம்பி வளையத்தால் தொட்டெடுத்து, புதிய தட்டில் பரப்பி, மேலே ஆன்டிபயாட்டிக் வில்லைகளை வைக்கிறோம். மறுநாள் காலை வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் முன்பைவிட அகலமாக வந்திருந்தால், கிருமி அந்தக் கதவைத்தான் கழற்றியிருக்கிறது, மருந்தைத் தொடரலாம். வட்டம் அதே அளவில் நின்றால் அது வேறு வழியில் தப்பியிருக்கிறது, இன்னொரு கதவைப் பிடிக்கும் ஃபேஜைத் தேடத் தொடங்க வேண்டும்.